பார்வையற்றவருடன் பயணம்: உடன் செல்பவர் அறிய வேண்டியவை

பார்வையற்றவருக்கோ குறைபார்வை உள்ளவருக்கோ வழித்துணையாகச் செல்பவரின் முதன்மையான வேலை, அடுத்து வரப்போவதை அது வருவதற்கு முன்பே சொல்லிவிடுவது. படி வருகிறது, கதவு இடப்பக்கம் திறக்கும், இங்கே வரிசையில் நிற்கப் போகிறோம் என்று முன்கூட்டிச் சொன்னால் அவர் தம் காலில் தாமே நடந்துகொள்வார். சொல்லாமல் கையைப் பிடித்து இழுத்தால், நல்ல உடல்நிலையில் இருப்பவர்கூடத் தடுமாறுவார். பயணத்தில் நேரும் சங்கடங்களில் பெரும்பாலானவை இந்த ஒரு தவறிலிருந்தே தொடங்குகின்றன.

இதை விளக்க, சென்னையிலிருந்து தில்லிக்கு விமானத்தில் சென்று மூன்று நாள் தங்கிவந்த ஒரு பயணத்தை எடுத்துக்கொள்கிறேன். என்னுடன் வந்தவர் இருவர். ஒருவர் என்னோடு ஒரே பள்ளியில் தமிழாசிரியராக இருந்தவர். கண் அழுத்த நோயால் பார்வையை இழந்து, இப்போது ஒரு கண்ணில் வெளிச்சம் மட்டும் உணர்பவர். மற்றவர் அவருடைய தங்கை. அவருக்கு விழித்திரையின் மையப்பகுதி சிதைந்திருக்கிறது. ஓரப்பார்வை நன்றாக இருப்பதால் எதிலும் மோதாமல் நடப்பார். ஆனால் எதிரில் நிற்பவரின் முகமோ பலகையிலுள்ள எழுத்தோ தெரியாது. இவ்விருவரின் தேவைகளும் வேறு வேறு என்பது பயணம் முழுவதும் தெரிந்துகொண்டே இருந்தது.

நடக்கும் முறை

புறப்படுவதற்கு முன் வீட்டிலேயே பழக வேண்டியது இது. பார்வையற்றவர் உங்கள் கையை முழங்கைக்குச் சற்று மேலே பிடித்துக்கொள்வார்; பிடிப்பவர் அவர், நீங்கள் அல்ல. அவர் உங்களுக்கு அரை அடி பின்னால் நடப்பார். நீங்கள் திரும்பினாலும் நின்றாலும் உங்கள் உடலின் அசைவே அவருக்கு முன்னறிவிப்பு ஆகிவிடும். தோளைப் பிடித்து முன்னே தள்ளினால் இந்த அறிவிப்பு கிடைக்காது. ஆபத்தை முதலில் சந்திப்பவர் அவராகிவிடுவார்.

குறுகிய இடம் வந்தால் அந்தக் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனால் போதும். அவர் உங்களுக்கு நேர் பின்னால் வந்துவிடுவார். படிக்கட்டில் ஒரு நொடி நின்று, ஏறுபடியா இறங்குபடியா என்று சொல்லிவிட்டு, ஒரு படி முன்னால் செல்லுங்கள். கடைசிப் படி முடிந்ததும் “முடிந்தது” என்று சொல்ல மறக்கக் கூடாது. இல்லாத படியைத் தேடிக் காலை ஊன்றுவது, இருக்கும் படியைத் தவறவிடுவதைப் போலவே விழவைக்கும். இருக்கையில் அமர்த்த வேண்டுமானால் அவர் கையை நாற்காலியின் முதுகில் வையுங்கள். மற்றதை அவர் பார்த்துக்கொள்வார். “அங்கே”, “இந்தப் பக்கம்” என்ற சொற்களால் அவருக்குப் பயனில்லை. “உங்கள் வலப்பக்கம், இரண்டு அடி” என்பதே சொல்.

விமான நிலையத்தில்

பயணச்சீட்டு எடுக்கும்போதே, குறைந்தது 48 மணி நேரத்துக்கு முன்பாக, பார்வையற்ற பயணி வருகிறார் என்று விமான நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அவர்களுடைய கணினிப் பதிவில் இதற்கென்று BLND என்ற நான்கெழுத்துக் குறி உண்டு. அந்தக் குறி போடப்பட்டதா என்று தொலைபேசியில் பேசுபவரிடம் கேட்டு உறுதி செய்துகொள்வது நல்லது. ஏனென்றால், “உதவி தேவை” என்று பொதுவாகச் சொன்னால் பெரும்பாலும் சக்கர நாற்காலிக்கான குறியைப் போட்டுவிடுகிறார்கள்.

எங்களுக்கும் அதுதான் நடந்தது. சென்னையில் உடைமைகளை ஒப்படைக்கும் இடத்துக்கு ஓர் இளைஞர் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தார். “எனக்குக் கால் நன்றாக இருக்கிறது தம்பி, கண்தான் இல்லை” என்றார் நண்பர். அந்த இளைஞர் என்னைப் பார்த்து, “சார் உட்கார மாட்டாரா?” என்று கேட்டார். நாற்காலியில் உட்கார்ந்தால் வரிசைகளைச் சீக்கிரம் கடக்கலாம் என்பது உண்மை. அதற்காகவே உட்காரும் பார்வையற்றவர்களும் உண்டு. ஆனால் உட்கார்ந்தவருக்கு நிலையத்தின் அமைப்பு எதுவும் மனத்தில் பதியாது. நாற்காலியை ஓர் இடத்தில் நிறுத்திவிட்டு உதவியாளர் போய்விட்டால், தாம் எங்கே இருக்கிறோம் என்பதே அவருக்குத் தெரியாது. எது வேண்டும் என்பதை முடிவுசெய்ய வேண்டியவர் பயணி. நண்பர் நடந்தே வந்தார். அந்த இளைஞர் நாற்காலியில் எங்கள் பைகளை வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார்.

பாதுகாப்புச் சோதனையில்தான் வழித்துணை கட்டாயமாகப் பிரியும். வெண்கோலும் மடக்கப்பட்டு ஊடுகதிர்ப் பெட்டிக்குள் போய்விடும். கோலும் இல்லாமல் துணையும் இல்லாமல் உலோகம் கண்டறியும் சட்டத்தின் வழியே நடக்க வேண்டிய அந்தச் சில அடிகளுக்கு முன்னேற்பாடு தேவை. நான் செய்தது இது. முதலில் அங்கிருந்த காவலரிடம் சொன்னேன். பிறகு நான் முன்னால் கடந்து மறுபுறம் நின்று, “நேராக நான்கு அடி, என் குரலுக்கு வாருங்கள்” என்றேன். காவலர் சோதிக்கத் தொடங்கும்முன் “கையை விரிக்கச் சொல்கிறார்” என்பதையும் சொன்னேன். எதிர்பாராமல் உடலில் ஒரு கை படுவது யாருக்குமே அதிர்ச்சிதான். கைப்பேசி, பணப்பை, கோல் மூன்றையும் ஒரே தட்டில் வைத்தால் மறுபுறம் தேட வேண்டியதில்லை.

பெண்களுக்குத் தனி வரிசை. ஆகவே நண்பரின் தங்கையோடு நான் போக முடியவில்லை. அவர் கோல் வைத்திருப்பதில்லை. பார்ப்பதற்கு எந்தக் குறையும் தெரியாது. தட்டு எங்கே என்று கேட்டதற்கு, “முன்னாடிதானே இருக்கு” என்று சிடுசிடுப்பான பதில் கிடைத்தது. குறைபார்வை உள்ளவர்களுக்கு இது அன்றாட அனுபவம். பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டு, கேட்பதைச் சோம்பலாகவோ பாசாங்காகவோ எடுத்துக்கொள்கிறார்கள். திரும்பி வரும்போது அவர் மாற்றுத்திறனாளி அடையாள அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு, “எனக்கு எழுத்தும் சிறு பொருளும் தெரியாது” என்று முதலிலேயே சொன்னார். உதவி உடனே கிடைத்தது. என்ன தெரியாது என்று குறிப்பாகச் சொல்வதில்தான் பயன் இருந்தது. “பார்வை கொஞ்சம் குறைவு” என்பதை யாரும் காதில் வாங்கவில்லை.

சோதனை முடிந்த பிறகு பலர் நிம்மதியாக உட்கார்ந்துவிடுவார்கள். ஆனால் கவனம் வேண்டிய இடம் அதுவே. சென்னை, தில்லி உட்படப் பல நிலையங்களில் இரைச்சலைக் குறைப்பதற்காக, விமானம் ஏற அழைக்கும் ஒலிபெருக்கி அறிவிப்புகளைப் பெரும்பாலும் நிறுத்திவிட்டார்கள். வாயில் எண் மாறினால் திரையில்தான் மாறும். காதை நம்பியிருப்பவருக்கு இந்த அமைதி ஓர் இடர். துணைக்குச் சென்றவர் தேநீர் வாங்கப் போனால்கூட, எவ்வளவு நேரத்தில் வருவார் என்று சொல்லிவிட்டு, வாயிலில் உள்ள ஊழியரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போக வேண்டும். வந்ததும் குரல் கொடுக்க வேண்டும். சொல்லாமல் எழுந்து போய்விட்டால், அவர் வெற்று நாற்காலியோடு பேசிக்கொண்டிருப்பார். அந்தக் கூச்சம் எளிதில் மறக்காது.

விமானத்துக்குள் முன்னதாக ஏற அனுமதி கேட்டுப் பெறுவது வசதிக்காக மட்டும் அல்ல. கூட்டம் வருமுன் பணிப்பெண் தனியாக வந்து பாதுகாப்பு விளக்கம் தர அதுவே நேரம். இடைவார்ப் பூட்டையும் உயிர்காப்புச் சட்டை இருக்கும் இடத்தையும் கையால் தொட்டுப் பார்க்கச் செய்ய வேண்டும். மிக அருகிலுள்ள அவசர வழி வரை எத்தனை இருக்கை வரிசைகள் என்பதை, போகும்போதே இருக்கை முதுகுகளைத் தொட்டு எண்ணிக்கொள்ளலாம். எங்களுக்கு முன்புறம் ஏழு வரிசை. புகை சூழ்ந்தால் பார்வையுள்ளவர்களுக்கும் இந்த எண்ணிக்கைதான் வழிகாட்டும். அவசர வழியை ஒட்டிய இருக்கை மட்டும் இவர்களுக்குத் தரப்படாது, அது விதி.

பணிப்பெண் என்னிடம், “சார் என்ன சாப்பிடுவார்?” என்றார். நான் ஒன்றும் சொல்லாமல் நண்பர் பக்கம் முகத்தைத் திருப்பினேன். “சார் காபி சாப்பிடுவார்” என்று அவரே சிரித்துக்கொண்டு சொன்னார். அடுத்த முறை அந்தப் பெண் நேராக அவரிடமே கேட்டார். இப்படிக் கேட்கப்படும்போது துணையாளர் பதில் சொல்லாமல் இருப்பதே சரி.

விடுதி அறையை அறிதல்

அறையைப் பதிவு செய்யும்போது பெரிய அறை வேண்டும் என்று கேட்க வேண்டாம். சிறிய, செவ்வகமான, மின்தூக்கிக்கு அருகிலுள்ள அறையே எளிது. தொடுதிரையில் இயங்கும் மின்தூக்கியா, புடைத்த பொத்தான்கள் உள்ளதா என்றும் கேட்டுவிடலாம்.

அறைக்குள் நுழைந்ததும் பெட்டியைத் திறக்கும் முன் முதல் கால் மணி நேரத்தை அறையை அறிவதற்கே ஒதுக்க வேண்டும். வாசற்கதவுதான் தொடக்கப்புள்ளி. கதவுக்கு முதுகைக் காட்டி நின்று, அறையின் பொதுவான அமைப்பை முதலில் நான் சொன்னேன்: “நீளவாக்கில் உள்ள அறை. இடப்பக்கம் குளியலறை. வலப்பக்கம் அலமாரி. நேர் எதிரே சன்னல். கட்டில் இடச்சுவரை ஒட்டி.” பிறகு வலச்சுவரைப் புறங்கையால் தடவிக்கொண்டே அவர் ஒரு சுற்று வந்தார். விரல்நுனிகளை நீட்டிக்கொண்டு போனால் கூர்மையானது எதுவும் குத்தக்கூடும், புறங்கையே பாதுகாப்பு. ஒவ்வொன்றையும் தொடும்போது நான் பெயர் சொன்னேன். இரண்டாம் சுற்றை அவர் பெயர் சொல்லிக்கொண்டே தனியாக வந்தார். அதன்பின் குறுக்கு வழிகள்: கட்டிலிலிருந்து குளியலறை ஆறு அடி, கட்டிலிலிருந்து வாசல் ஒன்பது அடி. இரவில் எழுந்தால் தேவைப்படும் வழி முதலாவது. அதை மூன்று முறை நடந்து பார்த்தார்.

அறையைவிடக் குளியலறைக்கு அதிக நேரம் ஆகும். வெந்நீர் எந்தப் பக்கம் என்பதை முதலில் குளிர்ந்த நீரைத் திறந்துவிட்டுக் காட்ட வேண்டும். விடுதிகளில் தலைக்குத் தேய்க்கும் ஷாம்பூவும் உடலுக்குப் பூசும் களிம்பும் ஒரே அளவுக் குப்பிகளில் வைக்கப்படுகின்றன. ஷாம்பூக் குப்பியில் ஒரு ரப்பர் வளையம் மாட்டினால் குழப்பம் தீர்ந்தது. நான் பயணத்துக்கு எப்போதும் பத்து ரப்பர் வளையங்கள் எடுத்துச் செல்வேன். கதவு திறக்கும் அட்டையில் எந்த முனை உள்ளே போக வேண்டும் என்பதற்கு, அதன் மூலையில் ஒரு சிறு துண்டு ஒட்டுநாடா. வாசலருகே உள்ள பொந்தில் அந்த அட்டையைச் செருகினால்தான் மின்சாரம் வரும் என்பதையும் சொல்ல வேண்டும். வெளிச்சம் தேவையில்லாதவருக்கும் குளிர்சாதனமும் கைப்பேசி மின்னேற்றமும் தேவைதானே!

தங்கையின் அறையில் சிக்கல் வேறு. வெள்ளைத் தரை, வெள்ளைத் தொட்டி, வெள்ளைத் துண்டு, நடுவே ஒரு கண்ணாடித் தடுப்பு. குறைபார்வை உள்ளவருக்கு நிற வேறுபாடுதான் பொருளின் விளிம்பு. வெள்ளை மேல் வெள்ளை வைத்தால் பொருளே இல்லை. கண்ணாடித் தடுப்பின் மேல் அவருடைய சிவப்புத் துண்டை தொங்கவிட்டோம். தொட்டியின் விளிம்பில் ஒரு கறுப்புத் துணியைப் போட்டோம். அண்ணனுக்கு இதில் ஒன்றுகூடத் தேவைப்படவில்லை.

அறைக்கு வெளியே மின்தூக்கி வரைக்கும் எத்தனை கதவுகள், அவசரப் படிக்கட்டு வரைக்கும் எத்தனை கதவுகள் என்று நடந்து எண்ண வேண்டும். தீ எச்சரிக்கை ஒலித்தால் மின்தூக்கி இயங்காது. எங்கள் பக்கம் படிக்கட்டு நான்காவது கதவு. கனமான இரும்புக் கதவு, தொட்டாலே வேறுபாடு தெரிந்தது.

இத்தனையும் ஒரே நாளில் வீணானது. மறுநாள் நாங்கள் வெளியே போயிருந்தபோது அறையைத் துப்புரவு செய்தவர் நாற்காலியைக் கட்டிலுக்கும் குளியலறைக்கும் நடுவே நகர்த்தி வைத்துவிட்டார். நண்பரின் முழங்காலில் காயம். துப்புரவு செய்தவர் மேல் தவறில்லை. அவருக்கு யாரும் சொல்லவில்லை. வரவேற்பு மேசையில் சொல்லி, “பொருள்களை இடம் மாற்ற வேண்டாம்” என்று இந்தியில் எழுதி அறைக் கதவின் உட்புறம் ஒட்டினோம். பாதி திறந்த அலமாரிக் கதவும் இதே வகை. கதவு முழுதும் திறந்திருக்க வேண்டும் அல்லது முழுதும் மூடியிருக்க வேண்டும். இந்த விதி துணைக்கு வந்தவருக்கும் பொருந்தும். நானே இருமுறை தவறினேன்.

தொட்டும் கேட்டும் அறியும் இடங்கள்

எந்த இடத்துக்குப் போவது என்று தேடும்போது, “இசைத்தூண்கள்” போன்றவற்றைப் பலரும் பரிந்துரைப்பார்கள். ஆனால் ஹம்பியின் விட்டலர் கோயிலில் தூண்களைத் தட்டுவது இன்று தடைசெய்யப்பட்டுள்ளது. பல தலைமுறை தட்டல்களில் கல் சேதமடைந்ததே காரணம். தொல்லியல் துறை காக்கும் சிற்பங்களையும் தடவிப் பார்க்க இயலாது. கையின் வியர்வையும் எண்ணெயும் கல்லை அரிக்கும். ஆகவே தொடுவதற்கென்றே அமைக்கப்பட்ட இடங்களைத் தேட வேண்டியிருக்கிறது. இத்தாலியின் அங்கோனா நகரில் உள்ள ஓமெரோ அருங்காட்சியகமும், ஸ்பெயினின் மத்ரித் நகரில் பார்வையற்றோர் அமைப்பு நடத்தும் அருங்காட்சியகமும் இவ்வகையில் புகழ்பெற்றவை. தில்லியில் தேசிய அருங்காட்சியகம் 2015இல் ‘அனுபவ்’ என்ற பெயரில் தொட்டறியும் கூடத்தைத் திறந்தது. அங்குள்ள கலைப்பொருள்களின் படிகளைக் கையால் தொட்டுப் பார்க்கலாம். பிரெயில் குறிப்புகளும் உண்டு. அருங்காட்சியகத்துக்குத் திங்கட்கிழமை விடுமுறை. மற்ற நாள்களிலும் கூடம் திறந்திருக்கிறதா என்று முன்னதாகத் தொலைபேசியில் கேட்டுவிட்டுப் போவது நல்லது.

தொட்டறிவதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் இரண்டு கைகளாலும் சிற்பத்தின் உயரத்தையும் அகலத்தையும் அளக்க விட வேண்டும். பிறகு பீடம். அதன்பின் மேலிருந்து கீழாக. கை அங்கே இருக்கும்போதே பெயரைச் சொல்ல வேண்டும். கை நகர்ந்தபின் சொன்னால் பயனில்லை. கண் ஒரே பார்வையில் முழுமையைப் பிடித்துக்கொள்கிறது; கை துண்டு துண்டாக வாங்கி மனத்தில் ஒட்டவைக்கிறது. அதனால் ஒரு சிற்பத்துக்குப் பத்து நிமிடம் ஆகும். ஒரு மணி நேரத்தில் ஐந்தோ ஆறோ போதும். அதற்கு மேல் விரல் களைத்துவிடும்.

படியின் குறைகளையும் சொல்லிவிட வேண்டும். மூலச்சிலை வெண்கலமாக இருந்தால் அதன் குளிர்ச்சியும் கனமும் படியில் இருப்பதில்லை, அளவும் மாறியிருக்கலாம். மொகஞ்சதாரோ நடனப் பெண்ணின் மூலச்சிலை இந்த அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் உள்ளது. உயரம் சுமார் 10.5 செ.மீ. மட்டுமே. பாடநூலில் படத்தைப் பார்த்தவர்கள் அதை ஆளுயரச் சிலை என்றே எண்ணியிருப்பார்கள். கண்ணாடிப் பேழைக்குள் வைக்கப்படும் சிலையைத் தொட வழியில்லை. “உங்கள் உள்ளங்கையின் அகலத்தைவிடச் சற்றே உயரம்” என்றதும் நண்பர் வியந்துபோனார். நாற்பது ஆண்டுகள் வகுப்பில் அதைப் பற்றிச் சொன்னவர் அவர்! வலக்கையை இடுப்பில் ஊன்றி, ஒரு காலைச் சற்றே மடக்கி, தலையைப் பின்னால் சாய்த்து அவரை நிற்கச் சொன்னேன். “என்ன திமிர்டா இந்தப் பெண்ணுக்கு!” என்றார். கையால் தொட முடியாத சிலையை உடலால் அறிந்துகொள்ள இப்படி ஒரு வழி.

ஒலிக்காக நாங்கள் தேர்ந்தது பங்களா சாகிப் குருத்துவாரா. சீக்கியரின் எட்டாம் குருவான ஹர் கிருஷண் 1664இல் தங்கியிருந்த இடம் அது. விமான நிலைய மெட்ரோ வழித்தடத்தில் சிவாஜி ஸ்டேடியம் நிலையத்தில் இறங்கினால் அருகில்தான். தில்லி மெட்ரோவில் தரையில் மஞ்சள் நிறப் புடைப்பு ஓடுகள் பதித்திருக்கிறார்கள். நீளக் கோடுகள் இருந்தால் அவ்வழியே போகலாம்; வட்டப் புள்ளிகள் வந்தால் நின்று கவனிக்க வேண்டும். இவ்வகை ஓடுகள் முதன்முதலில் 1967இல் சப்பானின் ஒக்கயாமா நகரில், பார்வையற்றோர் பள்ளியின் அருகே பதிக்கப்பட்டவை. நண்பர் என் கையை விட்டுவிட்டு அந்தக் கோடுகளின் மேல் கோலை ஓட்டிக்கொண்டு தனியே நடந்தார். மஞ்சள் நிறம் நன்றாகத் தெரிந்ததால் தங்கைக்கும் அது பயன்பட்டது.

குருத்துவாராவில் தலையை மூடி, செருப்பைக் கழற்றி, கால் கழுவும் நீரில் இறங்கி ஏறிய கணத்திலிருந்தே இடம் தானாகப் பேசத் தொடங்குகிறது. காலடியில் சலவைக்கல். உள்ளே ஆர்மோனியத்தோடும் தபலாவோடும் கீர்த்தனை நிற்காமல் நடக்கிறது. அது எங்கிருந்து வருகிறது என்பதைக் கொண்டே நண்பர் மண்டபத்தின் திசையைச் சொன்னார். வெளியே வந்தால் திருக்குளத்தின் ஈரக்காற்று. அங்கே நான் விளக்கிச் சொல்ல வேண்டியது மிகக் குறைவு. தொடர்ந்து பேசினால் அவர் கேட்பதைக் கெடுத்துவிடுவேன் என்று புரிந்து வாயை மூடிக்கொண்டேன். குளத்தின் ஓரத்தில் மட்டும், “இன்னும் மூன்று அடியில் தண்ணீருக்கு இறங்கும் படி” என்றேன்.

லங்கரில் தரை விரிப்பில் வரிசையாக அமர்ந்தோம். தட்டில் உணவு விழுந்ததும் கடிகார முறையில் சொன்னேன்: “பன்னிரண்டு மணியில் பருப்பு, மூன்றில் காய், ஒன்பதில் கீர்.” ரொட்டியைத் தட்டில் போடமாட்டார்கள், இரு கைகளையும் ஏந்தித்தான் வாங்க வேண்டும். அதை மட்டும் முன்பே சொல்ல மறந்துவிட்டேன். ரொட்டி கொண்டுவந்த பெரியவர் ஒரு நொடி நின்று பார்த்துவிட்டு, நண்பரின் பெயர் தெரியாததால் “பாய் சாப்” என்று கூப்பிட்டு, அவர் புறங்கையை மெல்லத் தொட்டார். நண்பர் இரு கைகளையும் ஏந்தினார்.